கீழ்ப்பாதியைத் தொடாமல்

எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. புது வெர்ஷன் ஏற்றிய போன் முதன்முதலாக உயிர்பெற்று நெட்வொர்க்கைப் பிடித்ததும், அதிலிருந்து போகும் முதல் அழைப்பு யாராவது ஒருவருடைய வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆபீஸுக்கு இல்லை, சோதனை எண்ணுக்கு இல்லை, வீட்டுக்கு. யார் வீட்டுக்கு என்பது முறை வைத்து வரும். முறை வந்தவர் போனைக் காதில் வைத்து, ஹலோ கூடச் சொல்லாமல், "கேக்குதா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து மனைவியோ அம்மாவோ, "கேக்குது, கேக்குது, எப்ப வீட்டுக்கு வர்றதா உத்தேசம்?" என்று சொன்னதும் சுற்றி நிற்கும் நாங்கள் எல்லோரும் கை தட்டுவோம். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் வீட்டை மறந்து கிடந்ததற்குப் பிராயச்சித்தம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் போனின் சத்தத்தைப் பார்க்கிறவன். மைக், ஸ்பீக்கர், பேசும்போது காதில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன இயர்பீஸ், இவை எல்லாம் என் பொறுப்பு. அதனால் எனக்கு லேபில் 'காது' என்று பெயர். வயதான பிறகு மரியாதை கூடி 'காது சார்' ஆனேன்.

அந்தக் காலத்தில் ஒரு போனுக்குப் புது வெர்ஷன் ஏற்றுவது, குடியிருக்கிற வீட்டையே இடித்துக் கட்டுவது மாதிரி. உள்ளே இருக்கும் மென்பொருளில் எல்லாப் போனுக்கும் பொதுவானது எது, இந்தப் போனின் சிப்புக்கும் கேமராவுக்கும் ஸ்பீக்கருக்கும் மட்டுமானது எது என்று பிரித்தெடுக்க முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பொதுப் பகுதி மாறியதும் மற்றதெல்லாம் சேர்ந்து உடையும். முதலில் சிப் செய்கிற கம்பெனி தன் பங்கைத் திருத்தி அனுப்ப வேண்டும். அதுவரை நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வந்த பிறகு கேமராக்காரன், திரைக்காரன், சார்ஜரைப் பார்க்கும் அக்கா, நான் என்று ஆளாளுக்கு அவரவர் பங்கை முதலிலிருந்து பொருத்துவோம். பாதி வருஷம் போய்விடும். நாங்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்த வெர்ஷன் வந்து நிற்கும். பழைய மாடல் வைத்திருக்கும் ஜனங்களைக் கைகழுவி விடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

பைத்தியக்கார வேலைதான். ஆனால் அந்த அறையில் எப்போதும் ஆள் இருந்தார்கள். திட்டுவதற்கு ஆள், தோளில் சாய்ந்து தூங்குவதற்கு ஆள், என் டீயை எடுத்துக் குடித்துவிட்டு இல்லை என்று சாதிப்பதற்கு ஆள்.

பிறகு கோடு போட்டார்கள். எங்கள் கம்பெனி போட்டதில்லை, இந்த மென்பொருளை உலகத்துக்கே செய்து கொடுக்கிறவர்கள் போட்டது. வன்பொருளைத் தொடுகிற வேலைகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே, போனின் நினைவகத்தில் தனிப் பகுதியாக. மற்றதெல்லாம் மேலே, வேறொரு தனிப் பகுதியாக. இரண்டும் நேரடியாகக் கைவைத்துக்கொள்ளக் கூடாது, எழுதி வைத்த ஒப்பந்தத்தின்படிதான் பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு வெர்ஷன் எண் உண்டு. என்னிடம் சத்தத்துக்கு இந்த எண் ஒப்பந்தம் இருக்கிறது என்று கீழ்ப்பாதி அறிவிக்கும். அந்த எண்ணோடு எனக்குப் பேசத் தெரியும் என்று மேல்பாதி சொல்லும். மேலே எவ்வளவு புதியது வந்தாலும், சில வருஷத்துக்கு முந்தைய ஒப்பந்தங்களோடும் அது பேசியாக வேண்டும் என்பது விதி. ஆக, மேல்பாதியை மட்டும் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம். கீழ்ப்பாதி அப்படியே இருக்கும். சிப் கம்பெனிக்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கேமராக்காரன் கார் கம்பெனிக்குப் போனான். சார்ஜர் அக்கா பேரன் பிறந்த கையோடு வேலையை விட்டார். திரைக்காரனுக்குப் புது மாடல்கள் செய்யும் பிரிவில் இடம் கிடைத்தது, அது வேறு ஊர். பழைய மாடல்களின் கீழ்ப்பாதியைக் காவல் காக்க மிஞ்சியது நான் ஒருவன். பெரிய அறை, நீள மேசைகள், காலி நாற்காலிகள், மேலே சுற்றும் காற்றாடி. உச்சி மாடியில் மேல்பாதிக்காரர்கள் கும்பலாக இருக்கிறார்கள். அவர்கள் சிரிப்புச் சத்தம் சில சமயம் லிப்டு வழியாக இறங்கி வரும்.

இந்த லட்சணத்தில்தான் என் மகளிடம் வாயை விட்டேன்.

அவள் அம்மா போனதிலிருந்து நான் தனியாகத்தான் இருக்கிறேன். மகளுக்கு வேறு ஊரில் வேலை, குடும்பம். போன முறை வந்திருந்தபோது, "எங்ககூட வந்து இருங்கப்பா. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள்.

"நான் வந்துட்டா இங்க யாரு பாக்கிறது? நான் இல்லன்னா அந்த போன்ல ஒரு சத்தம் வராது, தெரியுமா?" என்றேன்.

"அம்மா இருந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"அப்பவும் அது உண்மைதான்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். "சரி. அந்த போனையே கட்டிட்டு அழுங்க. இனிமே நானா கூப்பிட மாட்டேன்."

அவள் அழுத்தக்காரி, சொன்னால் சொன்னதுதான். நானும் கூப்பிடவில்லை. அந்த அழுத்தம் அவளுக்கு வேறு எங்கிருந்து வந்திருக்கும்? மழைக்காலம் போய் வெயில் வந்தும் எங்கள் இருவர் போனும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிவியைப் போட்டுக்கொள்வேன், யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டுமே என்பதற்காக.

போன வாரம் மேலாளர் இறங்கி வந்தார். எதற்கெடுத்தாலும் அவசரம் என்பதால் அவருக்கு அதுவே பெயர். உட்காரக்கூட இல்லை.

"காது சார், நம்ம பழைய மாடல் இருக்குல்ல, நாலு கலர்ல வந்துச்சே, அதுக்குப் புது வெர்ஷன் குடுக்கப் போறோம்."

"அந்த சிப்பையே அவங்க கைவிட்டுட்டாங்களே சார்."

"அதனாலதான். சிப் கம்பெனி இல்லாம, கீழ்ப்பாதியில ஒரு வரி தொடாம, மேல்பாதி மட்டும். ஓடுதான்னு நீங்க பாத்து ரிப்போர்ட் குடுக்கணும். இன்னும் அந்த மாடலை எவ்வளவு பேர் வச்சிருக்காங்க தெரியுமா? பழைய வெர்ஷன்ல பேங்க் ஆப் ஓட மாட்டேங்குதுன்னு ஒரே கூப்பாடு." கொஞ்சம் நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார். "இது ஓடிட்டா, இந்த ரூமை வச்சிட்டிருக்கிறதுல அர்த்தம் இல்ல சார். உங்களுக்கு ஒரு நல்ல முடிவா பண்ணித் தர்றேன். ஓய்வு வேணுமா, மேல டெஸ்டிங்ல ஒரு சீட்டு வேணுமா, யோசிங்க."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா உங்களத்தான் நம்பணும். பழைய ஆளுங்களக் கூட்டிட்டு வந்து கீழ்ப்பாதியத் திருத்தணும். மாசக்கணக்கில ஆகும்." சிரித்தார். "அப்படி ஆகக் கூடாதுன்னு வேண்டிக்குங்க."

நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இன்று காலை உச்சி மாடியிலிருந்து புது மேல்பாதி வந்துவிட்டது என்று தகவல் வந்தது. சொந்த போனை வாசலில் இருக்கும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லேபுக்குள் நுழைய வேண்டும், அது கம்பெனி விதி. வைத்தேன். உள்ளே போய்ச் சோதனை போனைக் கேபிளில் மாட்டி, மேல்பாதியை மட்டும் அழித்துப் புதியதை ஏற்றினேன். கீழ்ப்பாதி நான் கடைசியாகக் கைவைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில் வருகிற முதல் பரிசு கருப்புத் திரைதான். அதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்காருவோம். இன்று லோகோ வந்தது, சுழன்றது, முகப்புத் திரை வந்து நின்றது. தொட்டால் நகர்ந்தது. கேமரா திறந்து அறையின் மோட்டுவளையைக் காட்டியது. பாட்டுப் போட்டேன், பாடியது. ரிங்டோன் அடித்துப் பார்த்தேன், அடித்தது.

பெருமையாகத்தான் இருந்தது. எப்போதோ நாங்கள் எல்லாரும் சேர்ந்து பொருத்தி வைத்த கீழ்ப்பாதி, முன்பின் பார்த்திராத மேல்பாதியோடு இப்படி ஒட்டிக்கொண்டதே. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினேன். நாற்காலிகள் இருந்தன.

நெட்வொர்க்குக் கோடுகள் மேலே வந்து நின்றன. முதல் அழைப்பு.

முறை வைக்க ஆள் இல்லை, ஆகவே முறை என்னுடையதுதான். வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். என் வீட்டில் மணி அடித்தால் எடுக்க ஒரு ஜீவன் கிடையாது. கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு, வழக்கம் வழக்கம்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, மகளின் எண்ணைப் போட்டேன். அவளுக்கு இந்த வழக்கம் தெரியும். பள்ளிக்கூடம் போன காலத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலே, "அப்பா லேபு போன்" என்று ஓடி வந்து எடுப்பாளாம்.

அழைப்பு ஏற்கப்பட்டது. திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

'கேக்குதா' என்று நான் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கோபமாக இருக்கிற பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் அப்படியா கேட்பது?

"நான்தான்" என்றேன்.

மௌனம்.

"லேபு போன்லேர்ந்துதான் பேசறேன். புது வெர்ஷன் ஏத்தினேன். நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா ஓடுது."

மௌனம்.

"நான் இல்லன்னா ஓடாதுன்னு சொன்னேன்ல? ஓடுது. நீ சிரிக்கலாம். ரூமை மூடப் போறாங்க." தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்தேன், குடிக்கவில்லை. "உன் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. வீட்ல பேச ஆளில்ல, அவ்வளவுதான். டிவிக்குப் பதில் சொல்லிட்டிருக்கேன். நேத்து ஒரு செய்தி வாசிக்கிற பொண்ணுகிட்ட, சரிம்மான்னு சொல்லிட்டேன்."

இதற்காவது சிரிப்பாள் என்று பார்த்தேன். சின்ன வயதிலிருந்து என் அசட்டுத்தனத்துக்கு அவள்தான் முதல் ரசிகை. ஒன்றும் இல்லை. நொடிகள் மட்டும் ஓடின.

"சரி. பேசப் பிடிக்கலன்னா பரவால்ல. எடுத்தியே, அதுவே போதும். வச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன்.

கை தட்ட யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை ஃபிளைட் மோடில் போட்டு, கீழ்ப்பாதிக்கான சோதனை வரிசையை ஓடவிட்டேன். ஒப்பந்தத்தில் இருக்கும் ஒவ்வொரு வேலையையும் கணினி ஒவ்வொன்றாகக் கேட்கும், கீழ்ப்பாதி ஒழுங்காகப் பதில் சொல்கிறதா என்று பார்க்கும். பச்சை, பச்சை, பச்சை என்று திரை நிறைந்துகொண்டே போனது. என் பங்கு முழுக்கப் பச்சை. இவ்வளவு சரியாகச் செய்து வைத்திருக்க வேண்டியதில்லை.

சோதனை முடியும்வரை சும்மா உட்கார்ந்து காற்றாடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் லேசாக ஒரு முனகல் முனகும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. என் கன்னத்தில் நானே அறையாத குறை.

மனிதர் பேசாமல் இருந்தாலும் போன் அவ்வளவு ஊமையாக இருக்காது. மூச்சு கேட்கும். அவர் இருக்கும் அறையின் காற்றாடி கேட்கும், தெருவில் போகும் வண்டி கேட்கும். ஒன்றுமே இல்லை என்றாலும் மெல்லிய இரைச்சல் ஒன்று காதில் நிற்கும். காலையில் என் காதில் எதுவும் இல்லை. சுவரில் காதை வைத்ததுபோல இருந்தது. அது கோபத்தின் மௌனம் இல்லை, வழி திறக்காத இயர்பீஸின் மௌனம். இத்தனை வருஷம் சத்தத்திலேயே பிழைப்பு நடத்தியவனுக்கு, பெண் பேசவில்லை என்று நம்பத் தோன்றியதே தவிர, போன் பேசவில்லை என்று சந்தேகிக்கத் தோன்றவில்லை.

சரிபார்த்தேன். சோதனை போனை ஃபிளைட் மோடிலிருந்து எடுத்து, மேசையில் இருக்கும் தரைவழி போனுக்கு அதிலிருந்து கூப்பிட்டு, அதன் ரிசீவரைக் காற்றாடிக்குக் கீழே வைத்தேன். சோதனை போனில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சோதனை போனில் பேசினேன். என் குரல் கணீரென்று வந்தது. ஆக, இங்கிருந்து போகிற குரல் போகிறது. அங்கிருந்து வருகிற குரல்தான் வரவில்லை. காலையில் நான் உளறிய அத்தனையையும் அவள் கேட்டிருக்கிறாள். அவள் என்ன சொன்னாள் என்பதுதான் எனக்குத் தெரியாது.

உடனே லாக்கருக்கு ஓடிப்போய் என் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எழுந்தேன். கதவுவரை போனேன். நின்றுவிட்டேன். நன்றாக ஓடுகிற போனில் கூப்பிட்டு, அதிலும் அவள் மூச்சும் காற்றாடியும் மட்டும் கேட்டால்? இந்தப் பழுது இருக்கும்வரை அவள் ஏதோ சொன்னாள் என்று நம்பிக்கொண்டு இருக்கலாம். ஒரு பழுதின் மேல் இவ்வளவு பிரியம் எனக்கு வந்ததே இல்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உச்சி மாடிக்கு உள்போனில் சொன்னேன். மேல்பாதிக்குத் தலைமை தாங்கும் பெண்ணே இறங்கி வந்தாள். சுறுசுறுப்பான பெண், லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் வருவாள். என்னை ஒருநாளும் மட்டமாகப் பேசியதில்லை. இந்த அறைக்கு வரும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொள்வாள், துக்க வீட்டுக்கு வந்ததுபோல.

பதிவுகளைச் சேர்ந்து பார்த்தோம். அழைப்பு தொடங்கியதும் கேட்கும் ஒலியளவை ஏற்றச் சொல்லி மேலிருந்து ஒரு கட்டளை வருகிறது. அந்தக் கட்டளை புது ஒப்பந்தத்தில் இருப்பது. என் கீழ்ப்பாதியிடம் இருப்பது பழைய ஒப்பந்தம். அதனால், எனக்கு இது தெரியாது என்று பதில் சொல்கிறது. மேல்பாதி அந்தப் பதிலைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒலியளவு சுழியத்திலேயே நின்றுவிடுகிறது.

"ஓ, இதுதானா? உங்க பக்கம் அந்தப் புதுக் கட்டளையச் சேத்துட்டா முடிஞ்சிடும்ல சார்?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு என்று சொல்ல முடியாது, அப்படியும் முடிக்கலாம். கீழ்ப்பாதியைத் திறக்க வேண்டும். கைவிட்ட சிப்புக்காக அந்தக் கம்பெனியின் காலில் விழ வேண்டும். திறந்தபிறகு கேமரா, திரை, சார்ஜர் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும், நெட்வொர்க் கம்பெனிகளிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். ஆட்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். இந்த நாற்காலிகளில் ஆள் வருவார்கள். நான் இல்லன்னா ஓடாது என்று சொன்னது இன்னும் ஒரு மழைக்காலத்துக்கு உண்மையாக இருக்கும். நான் தலையை ஆட்டினால் போதும். குற்றம் சொல்ல ஒருவரும் இல்லை.

பேங்க் ஆப் ஓடாமல் கூப்பாடு போடுகிறவர்கள் மட்டும் காத்திருப்பார்கள். அப்புறம் சலித்துப் போய்ப் போனைத் தூக்கிப் போடுவார்கள்.

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றேன்.

பொது மேல்பாதி என்று ஒன்று உண்டு. எந்தக் கம்பெனியின் கைவரிசையும் கலக்காமல், மூலத்தில் எப்படி எழுதினார்களோ அப்படியே இருப்பது. கோட்டுக்குக் கீழே எல்லாம் விதிப்படி இருந்தால் அது எந்தப் போனிலும் ஓட வேண்டும். தகராறு வந்தால் அதுதான் நடுவர். எங்கள் மேல்பாதியை எடுத்துவிட்டு அதை ஏற்றினேன். கீழ்ப்பாதியைத் தொடவில்லை. மறுபடி தரைவழி போனைக் கூப்பிட்டேன், ரிசீவரைக் காற்றாடிக்குக் கீழே வைத்துவிட்டு, சோதனை போனை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் காதில் வைத்துக் கேட்டாள். "காத்தாடி சத்தம் வருது சார். ஏதோ முனகுது."

"அது பழைய முனகல். அதே கீழ்ப்பாதிதான், பொது மேல்பாதியில கேக்குது. அப்ப தப்பு நீங்க புதுசாச் சேத்ததுல இருக்கு. கீழ இருக்கிறவன் தெரியாதுன்னு சொன்னா, பழைய கட்டளையில ஏத்தணும். அந்த வழியை எடுத்துட்டீங்க."

அவள் முகம் சிவந்தது. "புது மாடல்லயே டெஸ்ட் பண்ணிட்டிருந்தோம். அதுல புது ஒப்பந்தம், அதனால தெரியவே இல்ல. சில வரிதான் சார், மத்தியானத்துக்குள்ள அனுப்பிடறேன்." கதவுவரை போனவள் நின்றாள். "நீங்க உங்க பக்கம் செய்றேன்னே சொல்லியிருக்கலாம் சார். எங்களுக்கு யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே" என்றேன். கம்பீரமாகச் சொன்னதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னது.

அவள் படியில் ஏறிப்போனாள். நான் ரிப்போர்ட்டை எழுதினேன். கீழ்ப்பாதி சரியாக உள்ளது. மாற்றம் தேவையில்லை. இரண்டே வாக்கியம். என் வேலைக்கு நானே எழுதிய நற்சான்றிதழ், என் அறைக்கு நானே போட்ட பூட்டு. 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டுக் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்தேன். இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

சொன்னபடி மத்தியானத்துக்குள் திருத்திய மேல்பாதி வந்தது. இதையும் அன்றைக்கே ஏற்றிப் பார்க்கலாம் என்பதுதான் கோடு போட்டதால் வந்த லாபம். முன்காலமாக இருந்தால் இந்நேரம் சிப் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம். ஏற்றினேன். லோகோ சுழன்றது, முகப்பு வந்தது. தரைவழி போனைக் கூப்பிட்டேன். காற்றாடி கேட்டது, அதன் முனகலும் கேட்டது. யாருமில்லாத என் அறையின் சத்தம் எனக்கே போனில் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு வைத்தேன். இனி இந்தப் பழுதும் எனக்குத் துணை இல்லை.

அவசரம் உள்போனில் கூப்பிட்டு, "பிரமாதம் சார், அடுத்த வாரமே ஜனங்களுக்கு அனுப்பிடலாம்" என்றார். என் முடிவை யோசித்தேனா என்றும் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

உள்போனை வைத்தேனோ இல்லையோ, மேசைமேல் கிடந்த சோதனை போன் அதிரத் தொடங்கியது. தவறிய அழைப்புகளைச் சொல்லும் குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. காலையில் நான் ஃபிளைட் மோடில் போட்டு வைத்திருந்தபோது வந்த அழைப்புகள், நெட்வொர்க் தாமதமாக இப்போதுதான் தெரிவிக்கிறது. எல்லாம் ஒரே எண். அதைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அதே எண்.

என் போன் லாக்கரில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் போன் என் கையில் இருக்கும் என்றும் தெரியும். லேபுக்காரன் மகள் அல்லவா.

எடுத்தேன். இந்த முறை காதில் தெருவில் போகும் ஒரு வண்டி கேட்டது. ஒரு காற்றாடி கேட்டது. மூச்சு கேட்டது.

"கேக்குதா?" என்றாள்.

அவள் கேட்டாள். நான் கேட்க வேண்டியதை.

"அப்பா? இப்பவாவது கேக்குதா? காலைல தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க பாட்டுக்குப் பேசிட்டு வச்சிட்டீங்க. உங்க போனுக்கு அடிச்சா எடுக்கல. இதுக்கு அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். செய்தி வாசிக்கிறவளுக்குச் சரிம்மா சொல்லத் தெரியுது, பெத்த பொண்ணு கத்துறது காதுல விழல. உங்களுக்குக் காதுன்னு பேரு வச்சவனைச் சொல்லணும்."

"கேக்குதும்மா" என்றேன். "பழுது சரியாயிடுச்சு."

"யாரு சரி பண்ணா? நீங்களா?"

"இல்ல. மேல இருக்கிறவங்க. நான் ஒண்ணும் தொடல."

அவள் சிரித்தாள், அல்லது அழுதாள். இயர்பீஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

"காலைல என்ன சொல்லிக் கத்துன?" என்று கேட்டேன்.

"வேறென்ன? வாங்கன்னுதான்."

வெளியே லிப்டு வந்து நின்று, யாரும் இறங்காமல் மறுபடி மேலே போனது. நான் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன். "சரியா வருதான்னு பாக்கணும்."